நெட் ஃப்ராக்கின் ஓரம்

மும்பையில் குர்லா ஸ்டேஷனுக்குக் கிழக்கே, கார் உதிரிபாகக் கடைகளுக்கு மேல்மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த ஸ்டூடியோ. ஆள்களைப் படம் பிடிக்கிற ஸ்டூடியோ இல்லை, பொருள்களை. தாராவியில் தைக்கிற தோல் பைகள், பெல்ட்டுகள், பாப்பா உடுப்புகள் எல்லாம் எங்களிடம் வந்து, ஆன்லைன் கடைக்கான படமாகித் திரும்பும். படம் எடுத்ததும் பின்னணியை நீக்கிப் பொருளை மட்டும் தனியே நிறுத்துவோம். கட்-அவுட் என்பார்கள். பின்னணி இருந்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், ஆனால் படத்தின் அளவு அப்படியே இருக்கும். பெரிய வெறுமைக்குள் எங்கேயோ ஒரு பை. அந்த வெறுமையைப் பையின் ஓரம் வரைக்கும் வெட்டி, எல்லாப் பைகளும் ஒரே அளவில் சதுரத்துக்கு நடுவே உட்காரும்படி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கடைப் பக்கத்தில் ஒரு பை யானை மாதிரியும் அதற்கு அடுத்தது எலி மாதிரியும் நிற்கும்.

அந்த வெட்டும் வேலையை மவுஸால் இழுத்து இழுத்துச் செய்துகொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று, எனக்கு நிச்சயமாகியிருந்தவன்.

அவன் வசதியானவர்கள் இருக்கிற மாட்டுங்காவைச் சேர்ந்தவன். அப்பா பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் தாராவி, திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். இரண்டு பேரும் ஒரே மாதிரிக் கல்லூரியில் ஒரே மாதிரிப் படிப்புதான் படித்திருந்தோம். அவனுக்குப் பேச்சு வரும். வாடிக்கையாளர் போன் செய்தால் மராத்தி, இந்தி, இங்கிலீஷ் மூன்றையும் கலந்து பேசி அனுப்பிவிடுவான். எனக்கு அது வராது. ஆனால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் எரிச்சல் வரும். அந்த எரிச்சலில்தான் பைத்தானில் ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தேன்.

படங்களைக் கையாள பில்லோ என்று ஒரு நூலகம் இருக்கிறது. அதில் getbbox என்று கேட்டால், படத்தில் எதுவும் இல்லாத இடங்களை விட்டுவிட்டு, ஏதாவது இருக்கிற பகுதியைச் சுற்றி ஒரு பெட்டி போட்டுத் தரும். இடது, மேல், வலது, கீழ் என்று நாலு எண்கள். அதை அப்படியே crop-க்குக் கொடுத்தால் வெட்டிவிடும். கேட்க எளிதாக இருந்தது. முதலில் ஓட்டியபோது ஒரு படம்கூட வெட்டுப்படவில்லை. பெட்டி முழுப் படத்தின் அளவாகவே வந்தது.

காரணம் கண்டுபிடிக்க எனக்கு நாளாயிற்று. தெரியாத இடத்துக்கும் ஒரு நிறம் இருக்கிறது. எங்கள் படங்களில் அது வெள்ளை. மறைந்திருக்கிறதே தவிர, உள்ளே வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. ஸ்டூடியோ கணினியில் இருந்த பில்லோவின் பழைய பதிப்பு அந்த வெள்ளையையும் 'ஏதோ இருக்கிறது' என்று எண்ணிக்கொண்டது. நிறத்தை விட்டுவிட்டு, ஆல்பா என்கிற தடத்தை மட்டும் பிரித்து எடுத்துக் கேட்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தெரிகிறது என்பதை மட்டும் சொல்கிற தடம் அது. பூஜ்யம் என்றால் தெரியாது, இருநூற்று ஐம்பத்தைந்து என்றால் முழுதாகத் தெரியும். ஆல்பாவைப் பிரித்தேன். பெட்டி சிக்கென்று பையைச் சுற்றி விழுந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அவன் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"நீ பெரிய ஆள்தான்," என்றான். "எனக்கும் புரோகிராம்ல ஒரு காப்பி குடு."

கொடுத்தேன். கட்டிக்கொள்ளப் போகிறவன், கேட்கிறான். கொடுக்காமல் எப்படி?

அடுத்த மாதம் அவன் வாஷியில் ஒரு ஆன்லைன் கடைக் கம்பெனிக்கு நேர்காணல் போனான். வேலை கிடைத்தது, அதுவும் படப் பிரிவுக்கே பொறுப்பாளனாக. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் இருக்கும்போதே அவன் அம்மா எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். எங்கள் வீடு ஒரு அறையும் அதற்கு மேல் இன்னொரு அறையும்; இரும்பு ஏணியில் ஏற வேண்டும். அம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் டம்ளரைத் தொடவில்லை. "இப்பதான் குடிச்சுட்டு வந்தோம்" என்றார். போன பிறகு போன் வந்தது. ஜாதகம் சரியில்லை என்றார்கள். ஜாதகம் பார்த்துத்தான் நிச்சயமே செய்திருந்தார்கள்.

நான் அவனைக் கூப்பிட்டேன். எடுத்தான்.

"அம்மாக்கு மனசு வரலை," என்றான். "நான் என்ன பண்ணட்டும், சொல்லு. இவ்வளவு ஆனப்பறம் அவளோட சண்டை போட முடியுமா?"

"நீ என்ன நினைக்க?"

"நான் என்ன நினைக்கறதுக்கு இருக்கு?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து அம்மா தெருவில் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. தண்ணீர் பிடிக்கக்கூட என்னை அனுப்பினாள்.

அதோடு முடிந்திருந்தால், அழுதுவிட்டு விட்டிருப்பேன். எங்கள் ஸ்டூடியோ உரிமையாளர் செம்பூரில் இருக்கிற ஒரு தமிழ்ப் பெண்மணி. எல்லோருக்கும் மேடம். அவர் ஒரு நாள் வாஷிக்குப் போய்விட்டு வந்து என் மேஜை பக்கத்தில் நின்றார். அந்தக் கம்பெனிதான் எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளராக ஆகியிருந்தது. கட்-அவுட் நாங்கள் அனுப்புவோம். வெட்டிச் சதுரத்தில் வைப்பது அவர்கள் பக்கம்.

"உன் பழைய ஆள் அங்க ஹீரோ ஆயிட்டான், தெரியுமா?" என்றார் மேடம். "படத்தைத் தானா வெட்டற ஆட்டோ-கிராப்னு ஒண்ணு அவனே உக்காந்து எழுதினானாம். இன்டர்வியூலயே போட்டுக் காட்டினானாம். அவன் பாஸ் என்கிட்ட பெருமையாச் சொல்றார்."

எழுதியது நான் என்று சொல்லலாம். சொன்னால் என்ன? நிச்சயம் முறிந்த பெண் பொறாமையில் பேசுகிறாள் என்பார்கள். ஆனால் அன்று குர்லாவில் ரயில் ஏறும்போது எனக்குள் ஒன்று தெளிவாக இருந்தது. கல்யாணத்தை அவன் அம்மா எடுத்துக்கொண்டு போனார். புரோகிராமை எடுத்துக்கொண்டு போனது அவன். அதற்கு அவன் மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் எதுவும் செய்யப் போகவில்லை. காத்திருந்தேன். அவனை எனக்குத் தெரியும். கையில் இருப்பது ஓடுகிற வரைக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க மாட்டான்.

மழைக்காலம் முடிகிற சமயம் மேடம் பின்னணி நீக்குவதற்கு ஒரு புது மென்பொருள் வாங்கினார். வேகமானது. ஆனால் படத்தின் மூலைகளில் தூசு விட்டுவைக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசு. ஆல்பாவில் ஒன்று, இரண்டு என்று இருக்கிற புள்ளிகள். வெள்ளைத் திரையில் வைத்தாலும் கறுப்பில் வைத்தாலும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் getbbox-க்குப் பூஜ்யம் இல்லாத எதுவும் பொருள்தான். ஒரு மூலையில் ஒரே ஒரு புள்ளி இருந்தாலும் பெட்டி அந்த மூலை வரைக்கும் நீண்டுவிடும். என் பிரதியில் நான் இதை உடனே சரிசெய்துகொண்டேன். ஒரு சிறிய எண்ணை வரம்பாக வைத்து, ஆல்பாவில் அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் பூஜ்யமாக்கிவிட்டு அப்புறம் பெட்டி கேட்டேன். அவன் கையில் இருந்தது பழைய பிரதி. மேடத்திடம் தூசைப் பற்றிச் சொன்னேன். "படம் பார்க்க நல்லாத்தானே இருக்கு, வெட்டறது அவங்க பாடு," என்றுவிட்டார். எனக்கும் அதுவே போதும்.

ஒரு வாரத்தில் அவன் போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. மூன்றாவது தடவை எடுத்தேன்.

"எப்படி இருக்கே?" என்றான், நடுவில் எதுவுமே நடக்காதது மாதிரி. "ஒரு சின்ன ஹெல்ப். அந்தப் புரோகிராம் இப்போ வெட்ட மாட்டேங்கறது. பையெல்லாம் குட்டி குட்டியா வர்றது. பழைய படத்துக்கு ஒழுங்கா ஓடறது, புதுசுக்கு இல்லை. தீபாவளி ஸேல் வேற வர்றது, தலைக்கு மேல வேலை."

"போன்ல சொன்னா புரியாது. வீட்டுக்கு வா."

"உங்க வீட்டுக்கா?"

"ஆமா. வழி தெரியும்லா?"

ஞாயிற்றுக்கிழமை வந்தான். அம்மாவுக்கு நான் முன்கூட்டியே சொல்லவில்லை. கதவில் அவனைப் பார்த்ததும் பழக்கத்தில் "வாங்க மாப்" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "வாங்க தம்பி" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான்.

"அம்மா, காப்பி போடு," என்றேன்.

"ஐயோ, வேண்டாம் மாமி, இப்பதான்..."

"குடி," என்றேன். "குடிச்ச பொறவு பேசலாம்."

அவன் என்னைப் பார்த்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா டம்ளரை அவன் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவன் கடைசிச் சொட்டு வரை குடித்தான். சூடாக இருந்திருக்கும், நாக்கைச் சுட்டுக்கொண்டதுகூட முகத்தில் தெரிந்தது. எனக்கு அது போதவில்லை.

பிறகு லேப்டாப்பைத் திறந்தான். என் புரோகிராம்தான், ஒரு வரிகூட மாறவில்லை. மேலே 'எழுதியவர்' என்ற இடத்தில் அவன் பெயர்.

நான் அதைப் படித்ததை அவன் கவனித்தான். "அது... அங்க ஒரு ஃபார்மாலிட்டி," என்றான்.

"இருக்கட்டும்."

அந்த வாரம் முழுக்க நான் என்ன கட்-அவுட் செய்துகொண்டிருந்தேன் என்பதை இங்கே சொல்ல வேண்டும். தீபாவளிக்கான பாப்பா ஃப்ராக்குகள். மேலே சாட்டின், கீழே அடுக்கடுக்காக நெட் துணி, கையிலும் நெட். ஓரத்தில் கரை கிடையாது. துணி அப்படியே காற்றில் முடிகிறது. அடுக்குகள் சேருகிற இடத்தில் கெட்டியாகத் தெரியும். கடைசியில் ஒற்றை அடுக்கு மட்டும் நிற்கிற ஓரத்தில் பின்னால் இருப்பது அப்படியே தெரியும். ஆல்பாவில் அறுபது, எழுபதுதான் இருக்கும். தூசையும் இதையும் பிரிக்க வேண்டுமானால் வரம்பு எண் சிறியதாக இருக்க வேண்டும். அந்த ஃப்ராக்குகள் திங்கள்கிழமை வாஷிக்குப் போகப் போகின்றன. அவனுக்கும் அது தெரியும். ஆர்டர் கொடுத்ததே அவன் பிரிவு.

"பை படத்தைத் திற," என்றேன். திறந்தான். மூலையில் இருக்கிற தூசைக் காட்டினேன். ஆல்பாவில் ஒன்று, இரண்டு, ஒன்று. அவன் "அடடா" என்றான். உண்மையிலேயே இதை அவன் பார்த்திருக்கவில்லை.

"பை கெட்டியான பொருள். பாதிக்கு மேல தெரியறத மட்டும் வச்சுக்க, மிச்சத்த பூஜ்யமாக்கு. அப்புறம் பெட்டி கேளு. வெட்டுறது மட்டும் ஒரிஜினல் படத்துல இருக்கட்டும்."

"பாதின்னா?"

"நூத்தி இருபத்தெட்டு."

அவன் அந்த ஒரு வரியைச் சேர்த்து ஓட்டினான். பை சதுரத்தின் நடுவில் ஜம்மென்று வந்து உட்கார்ந்தது. அவன் மூச்சு விட்டான். அந்த முகத்தை எனக்குப் பிடித்திருந்த காலம் ஒன்று உண்டு.

"இது போறுமா?"

"பைக்குப் போதும்," என்றேன்.

அந்த முதல் சொல்லை அவன் காதில் வாங்கவில்லை. லேப்டாப்பை மூடினான். அம்மாவிடம் "வரேன் மாமி" என்றான். என்னிடம் ஒரு தேங்க்ஸ் சொன்னான், கடைக்காரனிடம் மிச்சம் வாங்கிக்கொண்டு சொல்வது மாதிரி. தெருவில் அவன் செருப்புச் சத்தம் ஓய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

"எதுக்குட்டி அவனுக்குப் போய் ஒத்தாசை பண்ணுத?" என்றாள் அம்மா. "ஒனக்கு ரோஷமே கிடையாதா?"

"பொறு," என்றேன்.

ஸேல் பக்கம் திறந்த அன்று காலையில் நானே போனில் பார்த்தேன். பைகள் அழகாக இருந்தன. கீழே தள்ளினேன். ஃப்ராக்குகள் எல்லாம் கத்தரிக்கோலால் நேர்கோட்டில் வெட்டியது மாதிரி நின்றன. பாவாடையின் அடி ஓரம் இல்லை. கைகளின் நுனி இல்லை. இரண்டு பக்கமும் விரிந்திருக்க வேண்டிய நெட், சுவரில் மோதினது மாதிரி முடிந்திருந்தது. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மதியத்துக்குள் மேடத்துக்கு வாஷியிலிருந்து போன். "உங்க கட்-அவுட் எல்லாம் வெட்டுப்பட்டு வந்திருக்கு" என்று கத்துகிறார்களாம். யார் சொன்னது என்று கேட்டேன். அவன்தான். பழியை எங்கள் மேல் போட்டிருந்தான். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கேட்டதும், இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்த இரக்கமும் போயிற்று.

"கிளம்பு," என்றார் மேடம். "ஒரிஜினல் எல்லாம் எடுத்துக்கோ. நேர்ல போய்க் காட்டிடலாம்."

ஹார்பர் லைன் ரயிலில் போனோம். கம்பெனியின் கண்ணாடி அறையில் அவனுடைய பாஸ், அவன், இன்னும் யாரோ ஒருவர். அவன் என்னைப் பார்த்ததும் நாற்காலியை லேசாகப் பின்னால் தள்ளினான்.

நான் அதிகம் பேசவில்லை. நாங்கள் அனுப்பிய ஃப்ராக்கைத் திறந்தேன். ஓரம் முழுசாக இருந்தது. அதன் ஆல்பாவில் சிறிய வரம்பு வைத்துப் பெட்டி கேட்டேன். நாலு எண்கள் வந்தன. பிறகு நூற்று இருபத்தெட்டு வைத்துக் கேட்டேன். வேறு நாலு எண்கள். இரண்டாவது பெட்டியில் வெட்டினேன். கடைப் பக்கத்தில் இருந்த அதே மொட்டை ஃப்ராக் திரையில் வந்தது.

பாஸ் இங்கிலீஷில் கேட்டார், இந்த நூற்று இருபத்தெட்டு எங்கிருந்து வந்தது என்று.

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனையே பார்த்தேன். "அவள் சொன்னாள்" என்று அவன் சொல்லலாம். சொன்னால், அவளிடம் ஏன் கேட்டாய் என்று அடுத்த கேள்வி வரும். புரோகிராம் யாருடையது என்று அதற்கடுத்த கேள்வி. இவ்வளவு நாள் இங்கே நின்று பேசியது என்ன ஆகும்? எல்லாவற்றையும் யோசித்துப் பார்க்கிறான் என்று தெரிந்தது. அந்த நேரத்தை நான் ஒவ்வொரு விநாடியாக ருசித்தேன்.

"என்னோடதுதான்," என்றான் கடைசியில். "நான்தான் வெச்சேன்."

"ஃப்ராக்குகளில் ஓட்டிப் பார்த்தீர்களா?" என்றார் பாஸ்.

"இல்லை."

"அப்புறம் ஏன் ஸ்டூடியோ மேல் பழி சொன்னீர்கள்?"

மேடம் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

வெளியே லிப்டுக்குக் காத்திருக்கும்போது அவன் பின்னாலேயே வந்தான். மேடம் போனில் இருந்தார்.

"நீ வேணும்னே பண்ணினே," என்றான் மெதுவாக.

"ஆமா."

நான் மறுப்பேன் என்று நினைத்திருப்பான் போல.

"குழந்தை டிரஸ்ஸு... எவ்வளவு பேரோட சரக்கு..."

"படத்த மாத்திரலாம். அரை நாள் வேலை. ஒரிஜினல் எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு. ஒம் பேர் போட்ட எடத்துல எம் பேரு போடுதியா? இப்பவே செஞ்சு தாரேன்."

லிப்ட் வந்தது. நானும் மேடமும் ஏறினோம்; அவன் ஏறவில்லை.

ரயிலில் மேடம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். மான்குர்ட் ஸ்டேஷன் தாண்டியதும் கேட்டார்.

"அந்த நம்பர் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அவன் பைக்குக் கேட்டான் மேடம். பைக்குச் சொன்னேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வந்ததா, பயம் வந்ததா என்று தெரியவில்லை. "அச்சா," என்றார். மேற்கொண்டு கேட்கவில்லை. செம்பூரில் இறங்கும்போது, "என்கிட்ட எப்பவும் நேராப் பேசு, என்ன?" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே வெட்டும் வேலையும் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தது. நான் என் பிரதியை எடுத்து ஒழுங்கு பண்ணினேன். வரம்பைச் சிறிதாக வைத்து, அதையும் பொருளுக்குத் தக்க மாற்றிக்கொள்ளும்படி செய்தேன். பெட்டியைச் சுற்றி நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டேன். எதுவுமே இல்லாத வெற்றுப் படம் வந்தால் getbbox பெட்டிக்குப் பதிலாக None, அதாவது ஒன்றுமில்லை, என்று தரும். முன்பு புரோகிராம் அங்கே முட்டி நின்றுவிடும். இப்போது அந்தப் படத்தைத் தனியே ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகும்படி எழுதினேன். ஃப்ராக்குகளை முதலில் ஓட்டினேன். ஒவ்வொன்றாகத் திறந்து ஓரத்தைப் பார்த்தேன். நெட் முழுசாக விரிந்து நின்றது. மேலே எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன்.

அம்மாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். கணினி விஷயம் அவளுக்குப் பாதி புரிந்திருக்கும். அவன் "என்னோடதுதான்" என்று சொன்ன இடத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். அடுத்த நாள் குடத்தை எடுத்துக்கொண்டு அவளே குழாய்க்குப் போனாள்.

அவனை வாஷியில் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். பிறகு அவனே விட்டுவிட்டான் என்று மேடம் சொன்னார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று தோழிகள் சிலர் சொல்கிறார்கள். அது நல்ல மனதுக்கு அடையாளமாம். அந்தக் கண்ணாடி அறையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு லேசாகிறது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

சில மாதம் கழித்து அவனிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. புது இடத்தில் கண்ணாடி வளையல் படமெல்லாம் வருகிறதாம். "கண்ணாடிக்கு என்ன நம்பர் வைக்கலாம்? ப்ளீஸ்," என்று கேட்டிருந்தான். பார்த்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரியட்டும் என்பதற்காகவே செய்தியைத் திறந்தேன். இரண்டு டிக்கும் நீலமாயின. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த பையை எடுத்தேன்.